மருந்து தவறிப்போனால் சம்பவ அறிக்கையில் என்ன எழுதுவது: ஒரு இன்சுலின் உதாரணம்

நோயாளியைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லி, சிகிச்சை தொடங்கிய பிறகுதான் அறிக்கை. மேலே இருக்கும் பெயர், ஐ.பி. எண் கட்டங்களை நிரப்புவது எளிது. "நடந்தது என்ன" என்ற பகுதியில்தான் பேனா நின்றுவிடும்.

முதலில் ஒரு தாளில் நேரங்களை மட்டும் வரிசையாகக் குறியுங்கள். நினைவிலிருந்து எழுதாமல் குளுக்கோமீட்டரின் பதிவைப் பாருங்கள். அதன் கடிகாரம் பல வார்டுகளில் தப்பாக ஓடும், சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேர முறையில் எழுதினால் காலையா மாலையா என்ற குழப்பம் வராது.

பிறகு ஆர்டர் என்ன, உண்மையில் போனது என்ன என்று இரண்டையும் அளவோடு எழுதுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "இன்சுலின் டோஸ் தவறுதலாக அதிகம் கொடுக்கப்பட்டது" என்ற வரியில் எவ்வளவு, எப்படி என்ற இரண்டுமே இல்லை. இப்படி எழுதலாம்:

"07:15 சர்க்கரை 212. ஆர்டர்: ரெகுலர் இன்சுலின் 8 யூனிட், தோலடி ஊசி. 07:30 பணியிலிருந்த செவிலியர், மி.லி.க்கு 100 யூனிட் உள்ள வயலிலிருந்து, 40 யூனிட் சிரிஞ்சில் 8 என்ற கோடு வரை எடுத்துப் போட்டார். அந்தக் கோட்டின் அளவு 0.2 மி.லி.; கணக்குப்படி 20 யூனிட். 07:50 40 யூனிட் சிரிஞ்சின் சிவப்பு மூடியை ட்ரேயில் பார்த்த இரண்டாம் செவிலியர் கேட்டதில் தெரியவந்தது. 07:55 டாக்டருக்குச் சொல்லப்பட்டது. 09:05 சர்க்கரை 58, வியர்வை, நினைவு தெளிவு. டாக்டர் ஆர்டர்படி 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பு வழி. 09:20 சர்க்கரை 132."

இதில் செவிலியர் இருக்கிறார், அவர் பெயர் இல்லை. பழி சொல்லக் கூடாது என்று ஆளையே எடுத்துவிட்டால் எந்தக் கட்டத்தில் பிசகியது என்று படிப்பவருக்குப் புரியாது. வேண்டாதவை "கவனக்குறைவால்", "அவசரத்தில்", "சரிபார்க்காமல்" போன்ற சொற்கள். அவை யாரும் பார்க்காத மனநிலையைச் சொல்கின்றன. "அவசரத்தில்" என்பதற்குப் பதில் "அந்த ஷிப்டில் 22 நோயாளிகள், 2 செவிலியர்கள்" என்று, அது உண்மையானால், எழுதுங்கள்.

"காரணம்" என்ற கட்டம் இருந்தால், கண்ணால் பார்த்ததோடு நிறுத்துங்கள்: 40, 100 யூனிட் சிரிஞ்சுகள் இரண்டும் ஒரே ட்ரேயில் இருந்தன. வயல் எப்போது மாறி வந்தது என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதலாம்.

ரெகுலர் இன்சுலினின் வேகம் 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அதனால் 09:20 எண்ணோடு அறிக்கையை முடிக்காமல், கண்காணிப்பு முடிந்த நேரத்தையும் கடைசிச் சர்க்கரை அளவையும் சேருங்கள்.

கேஸ் ஷீட்டிலும் டோஸ், நோயாளி நிலை, சிகிச்சை எல்லாம் வர வேண்டும். ஆனால் "சம்பவ அறிக்கை கொடுக்கப்பட்டது" என்று அங்கே எழுதுவது வழக்கமில்லை.

பிறகு ஏதாவது தெரியவந்தால் பழைய வரியை அடிக்க வேண்டாம், ஒயிட்னரும் வேண்டாம். கீழே "பின்சேர்க்கை" என்று தேதி, நேரம் போட்டு எழுதிக் கையெழுத்திடுங்கள்.