31ஆம் தேதிக்கு வைத்த நினைவூட்டல் பிப்ரவரியில் ஒலிக்காது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பல வீடுகளில் மாதாமாதம் இரண்டு தவணை ஓடும். ஒன்று அஞ்சலக ஆர்டி, இன்னொன்று ஏலச்சீட்டு. இரண்டுக்கும் கைபேசியில் ஒரே மாதிரி நினைவூட்டல் வைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஆர்டியில் தொகை மாறாது, ஆனால் நாளில் கவனம் வேண்டும். சீட்டில் தொகையே மாதத்துக்கு மாதம் மாறும்.

முதலில் ஆர்டி. மாதத்தின் 1 முதல் 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கியது என்றால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. இந்த இரண்டாவது வகைக்காரர்கள்தான் கைபேசியில் 31 என்று போட்டு, மாதந்தோறும் திரும்ப வருமாறு வைத்துவிடுகிறார்கள். கூகுள் காலண்டர் போன்ற செயலிகள் 31 இல்லாத மாதத்தைத் தாண்டிப் போய்விடும், 30க்கோ 28க்கோ மாற்றி ஒலிக்காது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் என ஆண்டுக்கு ஐந்து மாதம் சத்தமே வராது. பிழைச் செய்தியும் காட்டாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மாதம் 2,000 ரூபாய் கணக்கு ஒன்றை வைத்துப் பார்ப்போம். பிப்ரவரி தவறிவிட்டது. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 100 ரூபாய்க்கு 1 ரூபாய், அதாவது இங்கே 20. விடுபட்ட தவணையைக் கட்டணத்தோடு முதலில் தீர்த்த பிறகுதான் நடப்பு மாதத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மார்ச் 31 அன்று 4,020 ரூபாயோடு போக வேண்டும். ஒரு தவணைப் பணத்தோடு போனால் அது பிப்ரவரிக்குப் போய்விடும், மார்ச் பாக்கி நிற்கும். ஏப்ரலில் ஒலிக்காது, பாக்கி இரண்டு. மே 31 ஞாயிறாக அமைந்தால் ஒலிக்கும், ஆனால் அஞ்சலகம் பூட்டியிருக்கும், பாக்கி மூன்று. ஜூனில் மறுபடி ஒலிக்காது. நான்கு தவணை தவறினால் கணக்கு நிறுத்தப்பட்டதாகிவிடும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் மேற்கொண்டு அதில் பணம் கட்டவே முடியாது. இருபது ரூபாய்க் கட்டணத்தைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே இரண்டாம் வகைக் கணக்குக்கு 24ஆம் தேதி காலை 9 மணி என்று வையுங்கள். முதல் வகைக்கு 8ஆம் தேதி நல்லது. 15ஆம் தேதியே வைத்தால் ஆகஸ்டில் சுதந்திர தினம், ஜனவரியில் பொங்கல் என்று கடைசி நாளே விடுமுறையில் மாட்டும். எத்தனை முறை என்று கேட்கும் இடத்தில் 60 கொடுங்கள், ஐந்தாண்டுக் கணக்கின் தவணைகள் அவ்வளவுதான். ஏற்கெனவே பாதி கட்டியிருந்தால் மீதித் தவணைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து வாங்கும் முகவரிடம் பணம் கொடுத்ததும் 'முடிந்தது' என்று தட்டிவிடுவது இன்னொரு தவறு. முகவர் பலருடைய பணத்தைச் சேர்த்துப் பட்டியல் போட்டுக் கட்டுவார், அதனால் கடைசி நேரத்தில் கொடுத்தது அடுத்த மாதக் கணக்கில் போய்விடலாம். அவருடைய அட்டையில் கையெழுத்தும் பாஸ்புக்கில் பதிவும் பார்த்த பிறகே நினைவூட்டலை முடியுங்கள். கூகுள் காலண்டரில் Event என்று வைப்பதைவிட Task என்று வைப்பது இதற்கு உதவும், நீங்கள் முடிக்காதவரை அது பட்டியலில் நிற்கும்.

சீட்டுக்கு வருவோம். 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000, மொத்தம் ஒரு லட்சம். முதல் ஏலங்களில் ஒருவர் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து எடுத்தார் என்றால், நடத்துநர் கமிஷன் மொத்தத்தில் 5 சதவீதம் 5,000 போக மீதி 20,000 எல்லாருக்கும் பிரித்துக் கழிக்கும் கசராகிறது. ஆளுக்கு 1,000 கழிந்து அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். 'சீட்டு 4,000' என்று எழுதி வைத்த நினைவூட்டலும், வங்கியில் அதே தொகைக்குக் கொடுத்த நிலையான உத்தரவும் இங்கேதான் ஏமாற்றும். நாள் போகப் போகத் தள்ளுவது குறையும். ஒரு மாதம் 13,000தான் தள்ளினார்கள் என்றால் கமிஷன் போக 8,000 கசர், ஆளுக்கு 400. கட்ட வேண்டியது 4,600. கைபேசி சொன்ன நாலாயிரத்தைக் கட்டினால் 600 பாக்கியாகப் பதிவாகும். கடைசித் தவணையில் கமிஷன் தவிரத் தள்ளுவதற்கே ஒன்றும் இருக்காது, முழு 5,000 வேண்டும்.

அதனால் சீட்டுக்கு இரண்டு நினைவூட்டல் தேவை. ஒன்று ஏல நாள் மாலைக்கு, அன்று கேட்டறிந்த கசரை எழுதிவைக்க. மற்றது கட்டும் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால். ஏலம் 'முதல் ஞாயிறு' என்று நடந்தால் தேதியைப் போடாமல், மாதத்தின் முதல் ஞாயிறு என்றே திரும்ப வருமாறு வையுங்கள். தமிழ் மாதக் கணக்கில் நடக்கும் சீட்டுக்கு ஆங்கிலத் தேதி ஒத்துவராது, நாட்காட்டியைப் பார்த்து ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பதிவதே வழி.

சீட்டை எடுத்துவிட்டவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. எடுத்தவர் தவணை தவறினால், 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி, மீதித் தவணைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கட்டச் சொல்லி நடத்துநர் நோட்டீஸ் அனுப்பலாம். தாமதித்தால் கசர் கிடைக்குமா, வட்டி எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த விதியை நினைவூட்டலின் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவைத்தால், ஒலிக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.