100 யூரோ போனஸ் உண்மையில் எவ்வளவு பெறும்? வேஜரிங் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

“100 யூரோ கட்டுங்கள், நாங்களும் 100 யூரோ தருகிறோம்” என்பது ஆன்லைன் காசினோக்களின் வழக்கமான வரவேற்பு போனஸ். கணக்கில் 200 என்று காட்டும். ஆனால் கூடுதலாக வந்த 100-ஐ உடனே எடுக்க விடமாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட தொகைக்குப் பந்தயம் வைத்து முடித்த பிறகுதான் அது உங்கள் பணமாகும். இதற்குப் பெயர் வேஜரிங் நிபந்தனை. பணம் கட்டுவதற்கு முன்பே, ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால், அந்த 100 எவ்வளவு பெறும் என்று பார்த்துவிடலாம்.

படி 1: நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து குறித்துக்கொள்ளுங்கள்

விளம்பரத்தை விடுங்கள். போனஸுக்கென்று தனியாக ஒரு விதிமுறைப் பக்கம் இருக்கும். அதில் நமக்கு வேண்டியவை இப்படி இருக்கும்:

```
Bonus: 100% up to €100
Wagering: 35x bonus
Max bet: €5
Valid: 30 days
```

இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். “35x bonus” என்றால் போனஸ் தொகையை மட்டும் 35-ஆல் பெருக்க வேண்டும். “35x deposit + bonus” என்று இருந்தால் நீங்கள் கட்டிய பணமும் சேரும். எண் அதே 35தான், ஆனால் சுமை இரண்டு மடங்கு.

படி 2: மொத்தம் எவ்வளவுக்குப் பந்தயம் வைக்க வேண்டும்?

```
35 × 100 = 3500
35 × (100 + 100) = 7000
```

3500 யூரோவை நீங்கள் கையிலிருந்து போட வேண்டியதில்லை. இருக்கிற 200-ஐயே வைத்து, வென்றதைத் திரும்ப வைத்து, வைத்த தொகைகளின் கூட்டல் 3500 ஆகும் வரை ஆட வேண்டும். ஸ்லாட் என்னும் சுழலும் படங்களின் ஆட்டத்தில் ஒரு சுழற்சிக்கு ஒரு யூரோ வைத்தால் 3500 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 3 விநாடி என்று வைத்தால், இடைவிடாமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

படி 3: அந்தச் சுழற்சிக்கு என்ன விலை?

ஒவ்வொரு ஸ்லாட்டின் தகவல் பக்கத்திலும் RTP என்று ஒரு சதவீதம் இருக்கும். 96% என்றால், நீண்ட கால சராசரியில் 100 யூரோ பந்தயத்துக்கு 96 திரும்பி வரும், 4 காசினோவுக்குப் போகும். போகிற அந்த 4%-ஐ மொத்தப் பந்தயத்தோடு பெருக்குங்கள்:

```
3500 × 0.04 = 140
```

100 யூரோ போனஸை விடுவிக்க 140 யூரோ செலவு! டெபாசிட்டும் சேர்ந்த கணக்கு என்றால் 7000-க்கு 280.

ஒரே ஸ்லாட்டைத் தயாரிப்பாளர்கள் பல RTP அளவுகளில் தருவார்கள். எதை வைப்பது என்பது தளத்தின் முடிவு. அதனால் வேறெங்கோ படித்த எண்ணை நம்பாமல், அந்தத் தளத்தில் அந்த ஆட்டத்துக்குள்ளேயே போய்ப் பாருங்கள். 94% என்று இருந்தால் 140 என்பது 210 ஆகிவிடும்.

பிரிட்டனில் சூதாட்ட ஆணையம் 2026 ஜனவரி 19 முதல் இந்தப் பெருக்கத்தை அதிகபட்சம் 10 என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அதே ஸ்லாட்டில் 10x போட்டால் 1000 யூரோ பந்தயம், 40 யூரோ செலவு, கையில் சுமார் 60 மிஞ்சும். போனஸ் தொகை மாறவில்லை, விளம்பரமும் அதேதான். மாறியது நிபந்தனையில் இருக்கும் ஒரு எண் மட்டுமே.

படி 4: “பிளாக்ஜாக் ஆடிக்கொள்ளலாமே” என்று தோன்றினால்

நியாயமான யோசனைதான். அடிப்படை உத்தியோடு ஆடினால் பிளாக்ஜாக்கில் காசினோவின் பங்கு ஏறக்குறைய 0.5% மட்டுமே. இது தளங்களுக்கும் தெரியும். அதனால் “game contribution” என்று ஒரு அட்டவணை வைத்திருப்பார்கள். ஸ்லாட்டுக்கு 100%, பிளாக்ஜாக்குக்கு 10% என்று அதில் இருந்தால், பிளாக்ஜாக்கில் 10 யூரோ வைத்தால் 1 யூரோதான் கணக்கில் ஏறும்:

```
3500 ÷ 0.10 = 35000
35000 × 0.005 = 175
```

ஸ்லாட்டை விட அதிகம். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் காசினோவின் பங்கு 2.7%. அது 20% கணக்கில் ஏறினால் 17,500 யூரோவுக்கு ஆட வேண்டும், செலவு 470-ஐத் தாண்டும். சில தளங்கள் இந்த ஆட்டங்களைப் போனஸிலிருந்து முற்றாக விலக்கிவிடும். விலக்கிய ஆட்டத்தைத் தெரியாமல் ஆடினால் போனஸும் போகும், அதில் வென்றதும் போகும்.

படி 5: சராசரியை அப்படியே நம்பாதீர்கள்

மேலே போட்டது எளிய கணக்கு. அதில் ஒரு குறை உண்டு. 3500-ஐ எல்லோரும் முடிப்பதில்லை. ஸ்லாட்டில் ஏற்ற இறக்கம் பலமாக இருக்கும். நிறையப் பேருக்கு 1000-லோ 2000-லோ இருப்பு பூஜ்யமாகிவிடும். அவர்கள் அதற்கு மேல் ஆடாததால், எல்லோரையும் சேர்த்த சராசரி நஷ்டம் 140-க்குக் கீழே இறங்கும். சில ஆட்டங்களில் போனஸுக்குச் சிறிது மதிப்புகூட மிஞ்சலாம்.

ஆனால் அந்த மதிப்பு யாரிடம் இருக்கிறது? பெரிய தொகை அடித்த ஒரு சிலரிடம். மற்றவர்களுக்குப் போனஸோடு சொந்த 100-உம் போயிருக்கும். இங்கேதான் விதிமுறையின் இன்னொரு வரி முக்கியமாகிறது. சில தளங்களில் “max cashout” என்று ஒரு உச்ச வரம்பு இருக்கும். உதாரணத்துக்கு, போனஸில் 2000 யூரோ வென்றாலும் 500தான் எடுக்கலாம் என்பார்கள். சராசரியைத் தாங்கிப் பிடித்திருந்ததே அந்தச் சில பெரிய வெற்றிகள்தான். அவற்றையும் வெட்டிவிட்டால் எஞ்சியிருந்த மதிப்பும் கரைந்துவிடும். நான் ஒரு சலுகையைப் படிக்கும்போது 35-ஐப் பார்ப்பதற்கு முன்பே இந்த வரியைத்தான் தேடுவேன்.

படி 6: எடுக்கும் நேரத்தில் மாட்டிவிடும் வரிகள்

“Max bet €5” என்பது சாதாரணமாகத் தெரியும். ஆனால் நிபந்தனை முடிவதற்குள் ஒரே ஒரு முறை 6 யூரோ வைத்தாலும் வென்றதை ரத்து செய்ய அது இடம் கொடுக்கும். பல இடங்களில் அப்படிப்பட்ட பந்தயத்தை மென்பொருள் தடுக்காது. பணம் எடுக்க விண்ணப்பித்த பிறகு ஆட்ட வரலாற்றைச் சரிபார்க்கும்போதுதான் தெரியவரும். வென்றதை இரட்டிப்பாக்கும் பொத்தானும், போனஸ் சுற்றை விலைக்கு வாங்கும் பொத்தானும் இந்த வரம்புக்குள் வருமா என்று பாருங்கள். பெரும்பாலும் வரும். அப்புறம் கெடு: 30 நாள் என்றால் பரவாயில்லை, 7 நாள் என்றால் அந்த 3500-ஐ முடிக்க நெருக்கடி கூடும்.

படி 7: போனஸ் இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள்

டெபாசிட் பக்கத்தில் “no bonus” என்று ஒரு தேர்வு பெரும்பாலும் இருக்கும். அதைத் தேர்ந்தால் 35x கிடையாது. பல தளங்கள் பணமோசடித் தடுப்புக்காக டெபாசிட்டை ஒரு முறையாவது பந்தயத்தில் வைக்கச் சொல்லும். 96% ஸ்லாட்டில் 100 யூரோவுக்கு அதன் சராசரிச் செலவு 4 யூரோ. போனஸ் தானாகவே ஏறிவிட்டால், ஒரு பந்தயமும் வைப்பதற்கு முன் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள். ஆட ஆரம்பித்த பிறகு நீக்கினால், போனஸோடு அதுவரை வென்றதும் சேர்ந்து போகலாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அதனால் இங்கே கண்ணில் படும் வரவேற்பு போனஸ்கள் சட்டத்துக்கு வெளியே, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து நடத்தும் தளங்களுடையவை. “Max bet” வரியைக் காட்டி அவர்கள் பணத்தை நிறுத்திவிட்டால், அதை இங்கிருந்து மீட்பது மிகவும் கடினம்.