ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் வந்தால்: வேலையைச் சக போட்டோகிராபருக்குக் கைமாற்றுவது எப்படி

கல்யாண போட்டோகிராபி தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் வருடமே ஒரு விஷயம் புரிந்துவிடும். ஆவணியிலோ தையிலோ வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், அந்த ஒரே தேதிக்கு நாலு பேர் போன் செய்வார்கள். ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்கவே அடிக்காது. நாலு பேரில் ஒருவருக்குத்தான் நாம் போக முடியும். மீதி மூன்று பேரிடம் "டேட் இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிடாமல் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

1. எடுக்காத வேலையை எழுதி வையுங்கள்

தேதி மோதுவது ஒரு காரணம்தான். என்னைக் கேட்டால், பிறந்த குழந்தை போட்டோ எனக்கு வராது. அதற்குப் பொறுமையும் வேறு மாதிரி வெளிச்சமும் வேண்டும். ஒருவரே போய் எடுக்கும் சின்னக் கோயில் கல்யாணமும் என் மூன்று பேர் டீமுக்குக் கட்டுப்படியாகாது. இப்படி உங்களுக்கு ஒத்துவராதவற்றை எழுதினால், எந்த மாதிரி ஆள் உங்களுக்குத் தேவை என்று தானாகத் தெரியும்.

2. ஆடியில் போய்ப் பாருங்கள்

சீசனில் யாரும் நின்று பேச மாட்டார்கள். ஆல்பம் அச்சடிக்கும் லேபில் உட்கார்ந்தால் ஊரில் பாதி போட்டோகிராபர்களைப் பார்த்துவிடலாம். "அண்ணே, உங்க டீம்ல ஆள் குறைஞ்சா கூப்பிடுங்க, ரெண்டாவது கேமரா நான் பிடிக்கிறேன்" என்று கேளுங்கள். ஒரு நாள் சேர்ந்து வேலை பார்த்தால் பத்து டீக்கடைப் பேச்சில் தெரியாதது தெரிந்துவிடும்: சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, பெண் வீட்டுப் பெரியம்மா கோபப்பட்டால் எப்படிப் பேசுகிறார், மெமரி கார்டை அன்றிரவே இரண்டு இடத்தில் காப்பி எடுக்கிறாரா.

இன்ஸ்டாகிராமில் இருக்கும் இருபது படத்தை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் வாங்கிப் புரட்டுங்கள். தாலி கட்டும் நிமிடத்தில் முன்னால் நாலு பேர் எழுந்து நின்றிருப்பார்கள். அதையும் மீறி முடிச்சு படத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று நான்கு பேர் போதும். எல்லாரும் உங்கள் ரேட்டிலேயே இருந்தால் பயனில்லை. ஒருவர் உங்களைவிடக் குறைவு, ஒருவர் அதிகம் என்று இருக்கட்டும்.

3. கைமாற்றும் விதம்

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஒருவர் கூப்பிட்டார். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6.00 முதல் 7.30 வரை முகூர்த்தம், கையில் 60,000 ரூபாய். அதே தேதியில் எனக்கு வேறு வேலை இருந்தது. முதலில் அவரிடம், "சார், அன்னைக்கு நான் வர முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், அவருக்கும் எனக்கும் தொழில்ல கூட்டு இல்ல. உங்க நம்பரைக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன். சரி என்றார். அதற்கு முன்பே, யாருடையது என்று சொல்லாமல் நண்பரிடம் தேதியை மட்டும் கேட்டு வைத்திருந்தேன். அவருக்கும் தேதி இல்லையென்றால் மாப்பிள்ளையை வீணாக அலையவிட்டதாகிவிடும்.

அப்புறம் நண்பருக்கு இப்படி அனுப்பினேன்:

"ஞாயிறு காலை 6 முகூர்த்தம், முந்தின நாள் ரிசப்ஷன். பட்ஜெட் 60. டிரோன் வேண்டாமாம். தாத்தாவுக்கு நடக்க முடியாது, அவரோட குடும்ப போட்டோவை மேடைக்குக் கீழேயே எடுக்கணும்னு சொன்னார். இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க."

தாத்தா விவரம்தான் இதில் முக்கியம். மாப்பிள்ளை அதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. புது ஆளிடம் பேசும்போது முதல் நிமிடத்திலேயே நம்பிக்கை வந்துவிடும்.

4. கமிஷன்

சிலர் பத்து சதவீதம் வாங்குகிறார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் வாங்குவதில்லை. 60,000 பட்ஜெட்டில் 6,000 எனக்கு வந்தால், அவர் ஆல்பத்தில் பக்கத்தைக் குறைப்பார் அல்லது உதவியாளர் இல்லாமல் வருவார். வாங்குவதானால் வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நீங்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு ஆளை அனுப்புவது கைமாற்றுவதில் சேராது. அப்போது மண்டபத்தில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நீங்களே வருவீர்கள் என்று நினைத்திருந்த வீட்டாருக்கு அது ஏமாற்றமும்கூட.

5. கெட்டுப்போகும் இடம்

அதிகம் சண்டை வருவது அடுத்த விசேஷத்தில்தான். வளைகாப்புக்கு அந்தக் குடும்பம் யாரைக் கூப்பிடும்? கல்யாணம் எடுத்தவருக்குத்தான் அந்த வீடு என்று நாங்கள் ஆரம்பத்திலேயே பேசி வைத்திருக்கிறோம். அந்த மாப்பிள்ளை வளைகாப்புக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார், அன்று எனக்குத் தேதியும் இருந்தது. "கல்யாணம் எடுத்தவரையே கேளுங்க சார், அவருக்கு முடியலன்னா நான் வர்றேன்" என்றேன். நண்பரே போய் எடுத்துக் கொடுத்தார்.