சாம்பாரில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு வேண்டாம், பருப்பு போடுங்கள்

சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிட்டால், உப்பில்லாமல் வேகவைத்த துவரம்பருப்பை மசித்து, வெந்நீரோடு சேர்த்து ஒரு கொதி விடுங்கள். இதற்காகவே பருப்பு வேகும்போது உப்பு போடாமல், ஒரு கரண்டி தனியே எடுத்து வைப்பது நல்லது.

கரைந்த உப்பு எங்கும் போகாது, குழம்பின் அளவைக் கூட்டினால்தான் கரிப்பு குறையும். உருளைக்கிழங்கு போட்டால், அது குடிக்கும் தண்ணீரில் உள்ள உப்பை மட்டுமே எடுக்கும், மிச்சக் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். ஒரு லிட்டர் சாம்பாருக்கு ஒன்றரை ஸ்பூன் போதும் என்ற இடத்தில் இரண்டு விழுந்துவிட்டதா? பருப்பும் வெந்நீருமாக ஒன்றரை டம்ளர், அதாவது 300 மில்லிக்குக் கொஞ்சம் மேல், சேர்த்தால் சரியாகிவிடும். சூட்டில் உப்பு சரியாகத் தெரியாது, கொஞ்சம் ஆறவிட்டு ருசி பாருங்கள். புளி கூடினாலும் இதே வழிதான். ஒரு துண்டு வெல்லம் புளிப்பை நாக்குக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

நாகர்கோவில் பக்கத்து மீன்குழம்புக்குப் பருப்பு ஒத்துவராது. அதில் குடம்புளி மிதந்தால் முதலில் சுளைகளை வெளியே எடுத்துவிடுங்கள், கிடக்கக் கிடக்கப் புளிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் உப்பில்லாமல் அரைத்த தேங்காய் விழுது சேர்க்கலாம். உப்பு இரண்டு பங்காகிவிட்டால் குழம்பையும் இரண்டு பங்காக்க வேண்டியிருக்கும், அதனால் பாதியை எடுத்து நாளைக்கு வைத்துவிட்டு மிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.