ஜைரோ தேதிக்கு முதல் நாளே பணம் இருக்கட்டும்

சிங்கப்பூரில் வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் முறைதான் ஜைரோ. போன மாதம் என் கார் கடன் தவணை 620 வெள்ளி. கணக்கில் இருந்தது 605. ஜைரோ இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளாது, முழுத் தொகை இல்லையென்றால் திரும்பிவிடும். அந்த 15 வெள்ளிக் குறைவுக்கு வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் தாமதக் கட்டணம் போட்டது. சம்பளம் அன்று மதியம்தான் ஏறியது! இப்போதெல்லாம் முதல் நாள் மாலையே பணத்தைப் போட்டுவிடுகிறேன்.

சரி, திரும்பிவிட்டால்? மறுபடி தானாகப் பிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். கடன் நிறுவனத்தை அழைத்துக் கேட்டு, அன்றைக்கே வேறு வழியில் கட்டிவிடுங்கள். பாக்கி 30 நாளை எட்டினால்தான் நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் பியூரோவின் அறிக்கையில் அந்த மாதத்துக்கு ‘ஏ’ என்ற நல்ல குறியீடு போய் ‘பி’ விழும். விழுந்தால் 12 மாதத்துக்கு அங்கேயே தெரியும்.