மூன்று நஷ்டங்களுக்குப் பிறகு விதியைத் திருத்திய டிரேடர்

பெண் டிரேடர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 20 நாள் உச்சத்தைக் கடக்கும் பங்கை வாங்குவதும், ஒரு டிரேடில் மூலதனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்காதபடி, விலை இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் வைப்பதும், அந்த இழப்பைப் போல இரு மடங்கு லாபம் வந்ததும் வெளியேறுவதும் அவருடைய விதிகள். பழைய விலைகளில் 200 டிரேடுகளுக்குச் சோதித்ததில் 45 சதவீதம் வென்றன. தொடர்ச்சியாக அதிகபட்சம் 7 தோற்றன.

அடுத்தடுத்து மூன்று நஷ்டங்கள் வந்தன. 100 ஆக இருந்த மூலதனம் 97 ஆனது. ஒவ்வொன்றும் தோற்கும் வாய்ப்பு 55 சதவீதம் என்றால், மூன்றும் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. 100 டிரேடுகளில் இத்தகைய தொடர் சராசரியாக 7 முறை தலைகாட்டும். அவருடைய சோதனைத் தாளே இதைச் சொல்லியிருந்தது, ஆனால் நஷ்டம் வந்த மாலையில் யார் அந்தத் தாளைப் பார்க்கிறார்கள்?

அவர் பார்த்தது தோற்ற மூன்று சார்ட்டுகளை. விலை ஏற்றத்தின் வலுவை 0 முதல் 100 வரை அளக்கும் ஆர்.எஸ்.ஐ. மூன்றிலும் 70-க்கு மேல் இருந்ததால், இனி அப்படி இருந்தால் வாங்குவதில்லை என்று புதிய நிபந்தனை சேர்த்தார். தவறுகளில் மோசமானது இதுதான், ஏனெனில் இது ஒழுங்கை மீறுவதாகத் தோன்றாமல் ஆராய்ச்சியாகத் தோன்றுகிறது. உச்சத்தை வலுவாக உடைக்கும் பங்கில் ஆர்.எஸ்.ஐ. பெரும்பாலும் உயர்ந்துதான் இருக்கும். ஆகவே இந்த வடிகட்டி தோல்விகளோடு நல்ல வெற்றிகளையும் தள்ளிவிடும். 200 டிரேடுகளிலும் அதைப் பொருத்திப் பார்த்திருந்தால், எத்தனை வெற்றிகள் கழிகின்றன என்பது தெரிந்திருக்கும். நான்காவது சிக்னலை அது தடுத்தது. அந்தப் பங்கு இலக்கைத் தொட்டது.

தவறவிட்ட லாபத்தையும் சேர்த்து மீட்கும் எண்ணத்தில், ஐந்தாவது டிரேடில் இழப்பு வரம்பை 2 சதவீதமாக்கி, 200-இல் வாங்கி 195-இல் ஸ்டாப் லாஸ் வைத்தார். விலை 195.40-க்கு வந்தபோது ஆர்டரை 190-க்கு இறக்கினார். அங்கேயும் அது அடிபட்டதால், 2 சதவீத இழப்பு 4 சதவீதமாகி, மூலதனம் 93 ஆனது. விதிப்படி நான்காவதை எடுத்து, ஐந்தாவதில் 1 சதவீதமே இழந்திருந்தால் 98 இருந்திருக்கும்.

விதியை ஒருபோதும் மாற்றக் கூடாது என்பதல்ல. விலைகள் ஒரே வரம்புக்குள் அலையும் பக்கவாட்டுச் சந்தையில் இத்தகைய உடைப்புகள் கொத்தாகத் தோற்கும். நஷ்டத் தொடர் நான் கணக்கிட்டதைவிட நீளலாம். அதற்கான எல்லையை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இவருக்கு அது, தொடர் நஷ்டம் சோதனையில் கண்ட 7-ஐத் தாண்டினால் டிரேடின் அளவைப் பாதியாக்கி, கூடுதல் பழைய விலைகளில் மறுசோதனை செய்வதாக இருக்கலாம். மூன்றாவது நஷ்டத்தன்று அவர் அந்த எல்லையின் பாதித் தூரத்தைக்கூடக் கடந்திருக்கவில்லை.