ஒரே பெயர், இரண்டு கோப்புகள்

மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒருநாள் மீனாட்சி என்பவரின் கோப்பில் ரத்தப் பரிசோதனை அறிக்கையைச் சேர்க்கும்போது கை நின்றுவிட்டது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) புதிய அறிக்கையில் பி பாசிட்டிவ்; பழைய தாளிலோ ஓ பாசிட்டிவ். சாதாரணமாக ஒருவரின் ரத்த வகை மாறாது. மறுநாள் அவருக்கு அறுவை சிகிச்சை வேறு.

முதலில் வார்டு செவிலியரை அழைத்து, ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் நிறுத்தி வைக்கச் சொன்னேன். அப்புறம்தான் தேடினேன். கணினியில் மீனாட்சிக்கு அடுத்த வரியிலேயே மீனாட்சி அம்மாள், வயதும் ஒன்றே. பிறந்த தேதியும் நோயாளி எண்ணும் மட்டும் வேறு. பதிவு மேசையில் பெயரை வைத்துத் தேடி, முதலில் வந்த வரியைத் தேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் தாள் மட்டும் மாறியதா, குழாயில் ஒட்டிய பெயரே தவறா? இது கோப்பைப் பார்த்துத் தெரியாது. மாதிரி எடுத்த பதிவேட்டில் அந்த நேரம் மீனாட்சி அம்மாள்தான் வந்திருந்தார். இருந்தாலும் ஆய்வகத்தினர் அதை நம்பி விடாமல், இருவரிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மீனாட்சி ஓ பாசிட்டிவ்தான்.

தவறான பதிவை நான் அழிக்கவில்லை. ஒற்றைக் கோடிட்டு, காரணம், தேதி, கையெழுத்து சேர்த்தேன். யாராவது அதைப் பார்த்து மருந்து எழுதியிருந்தால் தடம் வேண்டுமே. அதே நாளில் சேர்ந்த மற்ற தாள்களையும் புரட்டினேன்; ஒரு எக்ஸ்ரே அறிக்கையும் இடம் மாறியிருந்தது. இரண்டு கோப்புகளின் அட்டையிலும் ‘பெயர் ஒற்றுமை, எண்ணைப் பார்க்கவும்’ என்று சிவப்பில் எழுதி வைத்தேன்.